‘ஆ’ எங்கே சேர வேண்டும்?



ஈப்போவுக்கு அருகிலிருந்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது பாதி எண்ணெய்ப் பனையாகவும் பாதி வீடமைப்பாகவும் மாறிவிட்ட இடத்தில் வாழ்கிறவர். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் தம் பேத்தியின் பயிற்சி ஏட்டைப் பற்றியது அந்தக் கடிதம்.

‘வினா வாக்கியமாக மாற்றுக’ என்பது பயிற்சி. கொடுக்கப்பட்ட வாக்கியம், “நீ நேற்றுக் கல்லுமலைக்குப் போனாய்” என்பது. அந்தப் பெண், “நீ நேற்றா கல்லுமலைக்குப் போனாய்?” என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், “வினா எழுத்து ஈற்றில் வர வேண்டும்” என்று ஒரு குறிப்பு. வீட்டில் பாட்டி ஏட்டைப் பார்த்துவிட்டு, “நாங்க அப்படித்தானே கேப்போம், இதிலே என்ன தப்பு?” என்றாராம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டி சொல்வது சரியா, சிவப்பு மை சொல்வது சரியா என்பதுதான் நேயரின் கேள்வி.

விடையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ‘ஆ’ என்னும் இந்த ஓரெழுத்து வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வினா எழுத்துகள் ஐந்து என்கிறார். எ, யா என்பவை முதலில் வரும். ஆ, ஓ என்பவை ஈற்றில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். இதைப் பள்ளியில் நாம் எல்லாருமே படித்திருக்கிறோம். ஆனால் ‘ஈற்றில்’ என்றால் எதன் ஈற்றில்? அவர் சொல்வது சொல்லின் ஈற்றைத்தான். வாக்கியத்தின் ஈற்றை அன்று. ‘எவன்’ என்பதில் எகரம் சொல்லுக்கு முதலில் நிற்கிறது. ‘அவனா’ என்பதில் ஆகாரம் சொல்லுக்கு இறுதியில் நிற்கிறது. அந்தச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கலாம், நடுவில் இருக்கலாம், முடிவிலும் இருக்கலாம். சிவப்பு மைக் குறிப்பு வழி தவறிய இடம் இதுதான். சொல்லின் ஈறு என்பதை வாக்கியத்தின் ஈறு என்று அது கொண்டுவிட்டது.

இப்போது அந்த ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ‘ஆ’வை ஒவ்வொரு சொல்லிலும் வைத்துப் பார்ப்போம்.

“நீ நேற்றுக் கல்லுமலைக்குப் போனாயா?”
“நீ நேற்றுக் கல்லுமலைக்கா போனாய்?”
“நீ நேற்றா கல்லுமலைக்குப் போனாய்?”
“நீயா நேற்றுக் கல்லுமலைக்குப் போனாய்?”

நான்கும் தமிழ்தான். நான்கையும் நாம் நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் நான்கும் ஒரே கேள்வி அல்ல.

முதல் வாக்கியத்தில் கேட்பவருக்கு ஒன்றுமே தெரியாது. போனதும் தெரியாது, போகாததும் தெரியாது. இரண்டாவதில், நேற்று நீ எங்கேயோ போனாய் என்பது அவருக்குத் தெரியும். போன இடம் கல்லுமலைதானா என்பதே ஐயம். மூன்றாவதில், கல்லுமலைக்குப் போனது தெரியும். போன நாள் நேற்றா, முந்தாநாளா என்பது ஐயம். நான்காவதில், யாரோ போயிருக்கிறார்கள் என்பது தெரியும். அது நீதானா என்பது ஐயம். சுருங்கச் சொன்னால், ‘ஆ’ ஒட்டிய சொல் ஐயத்துக்கு உரியது. மற்றவை எல்லாம் தெரிந்தவையாக ஒதுக்கி வைக்கப்படுகின்றன. வினைமுற்றில் ஒட்டும்போது மட்டும்தான் நிகழ்ச்சியே நடந்ததா இல்லையா என்னும் பொதுக் கேள்வி கிடைக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ‘ஆம்’ என்று விடை சொல்லும்போது ‘தான்’ என்ற சொல் எங்கே வந்து உட்காருகிறது என்று கவனியுங்கள். “நேற்றா போனாய்?” “ஆமாம், நேற்றுத்தான்.” “கல்லுமலைக்கா போனாய்?” “ஆமாம், கல்லுமலைக்குத்தான்.” “நீயா போனாய்?” “ஆமாம், நான்தான்.” கேள்வியில் ‘ஆ’ இருந்த இடத்தில் விடையில் ‘தான்’ வருகிறது. “போனாயா?” என்று கேட்டால் மட்டும் “போனேன்” என்று வினையைத் திருப்பிச் சொல்கிறோம், அங்கே ‘தான்’ வேண்டியதில்லை. அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது நமக்குப் பயன்படும்.

‘ஆ’ ஓரிடம் மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். பழைய தோட்ட வாழ்க்கையிலிருந்தே ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம்.

விடியற்காலைப் பெரட்டு முடிந்து, ஒரு பெண் தன் நிரைக்குப் போய் மரம் வெட்டுகிறார். மங்குகளில் பால் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தூறல் போடுகிறது. சீக்கிரமே நின்றும் விடுகிறது. பாலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வருகிறார். அங்கே பாலை நிறுத்தால் மட்டும் போதாது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் கூடிவிட்டால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர்க் கணக்கு குறையும். அன்றைய கூலியும் அடிபடும். அன்று கணக்குக் குறைகிறது. கிராணி நிமிர்ந்து பார்க்கிறார்.

அவர், “பாலில் தண்ணீர் கலந்தாயா?” என்று கேட்டால், அந்தப் பெண், “இல்லைங்க ஐயா” என்று சொன்னால் போதும். கலக்கவில்லை என்று பொருள். பேச்சு அங்கே முடிகிறது. இல்லாவிட்டால் மழையைப் பற்றி மேலே தொடர்கிறது.

ஆனால் கிராணி, “நீயா பாலில் தண்ணீர் கலந்தாய்?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். இங்கே ‘ஆ’ ‘நீ’யில் ஒட்டியிருக்கிறது. ஆகவே, தண்ணீர் கலக்கப்பட்டது என்பது முடிந்துபோன செய்தியாக ஒதுங்கிவிட்டது. ஆள் யார் என்பது மட்டுமே கேள்வி. அந்தப் பெண் பதறிப்போய், “நான் இல்லைங்க ஐயா” என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும், யாரோ கலந்தார்கள் என்பதை அந்த விடை தன்னை அறியாமலே ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த கேள்வி, “அப்படியென்றால் வேறு யார்?” என்றுதான் வரும். பக்கத்து நிரைக்காரர் மேல் பழி போகும். மழையைப் பற்றிப் பேச இடமே இல்லாமல் போய்விடும்.

இந்தக் கேள்விக்குச் சரியான விடை ‘ஆம்’ என்பதும் அன்று, ‘நான் இல்லை’ என்பதும் அன்று. “யாரும் கலக்கவில்லைங்க ஐயா, மங்கில் மழைத்தண்ணி இறங்கிப் போச்சு” என்று, கேள்வி ஒதுக்கி வைத்த பகுதியையே மறுக்க வேண்டும். கேள்வியில் ‘ஆ’ எங்கே இருக்கிறது என்று காதில் வாங்கிக்கொண்டவர்தான் இப்படி விடை சொல்ல முடியும். செப்பும் வினாவும் வழுவாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொன்னது இப்படிப்பட்ட இடங்களுக்கும் பொருந்தும். செப்பு என்றால் விடை. கேள்வி வழுவினால் விடையும் வழுவும்.

சரி, ‘ஆ’ எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றால், தவறான வாக்கியமே இதில் கிடையாதா? உண்டு. மூன்று இடங்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, பெயருக்கு முன்னே நின்று அதை விளக்கும் சொல். ‘நல்ல பையன்’, ‘வந்த பையன்’, ‘இந்தப் பையன்’ என்பவற்றில் ‘நல்ல’, ‘வந்த’, ‘இந்த’ என்பவை தனித்து நிற்க மாட்டாதவை. பின்னே வரும் பெயரைப் பற்றிக்கொண்டே நிற்பவை. இவற்றுக்கும் பெயருக்கும் நடுவில் ‘ஆ’ நுழைய முடியாது. “நேற்று வந்தவா பையன் பாடினான்?” என்று எந்தத் தமிழரும் பேசுவதில்லை. “நேற்று வந்த பையனா பாடினான்?” என்று தொடரின் தலைச்சொல்லாகிய பெயருக்குப் பின்னால்தான் வைக்கிறோம். முன்னே சொன்ன ‘தான்’ சோதனையையும் வைத்துப் பாருங்கள். ‘வந்த பையன்தான்’ என்று சொல்லலாம். ‘வந்ததான் பையன்’ என்று சொல்ல முடியாது. ‘தான்’ நுழையாத இடத்தில் ‘ஆ’வும் நுழையாது.

அப்படியானால் விளக்கும் சொல்லைப் பற்றியே கேட்க வேண்டுமானால் என்ன செய்வது? வாக்கியத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ‘அப்பாவுடைய வீடு’ என்பதில் ‘அப்பாவுடைய’ என்பதைப் பற்றித்தான் ஐயம் என்றால், “இந்த வீடு அப்பாவுடையதா?” என்று கேட்கிறோம். ‘அப்பாவுடைய’ என்பது ‘அப்பாவுடையது’ என்று தனித்து நிற்கும் பெயராகிவிட்டது. இப்போது ‘ஆ’ தாராளமாக ஒட்டும். எண்ணுப்பெயரிலும் இப்படித்தான். ‘இரண்டு மங்கு’ என்னும் தொடரில், “இரண்டு மங்கா உடைந்தது?” என்று கேட்கலாம். எண்ணிக்கையில் மட்டும் ஐயம் என்றால், எண்ணைப் பெயருக்குப் பின்னே தள்ளி, “மங்கு இரண்டா உடைந்தது?” என்று கேட்கலாம்.

இதே வரிசையில் வேற்றுமை உருபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருபு முன்னே, ‘ஆ’ பின்னே. ‘ஈப்போவுக்கா’, ‘ஈப்போவிலா’, ‘ஈப்போவிலிருந்தா’ என்று வருமே தவிர, உருபுக்கு முன்னால் ‘ஆ’ வராது. சொல் தன் உருபுகளையெல்லாம் ஏற்று முடித்த பிறகு, கடைசியாக வந்து ஒட்டுவது ‘ஆ’.

இரண்டாவது, ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ஆ’. “நீயா நேற்றா போனாய்?” என்பது பிழை. ஐயத்தை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். ஆனால், “நேற்றா, இன்றா போனாய்?” என்பது பிழையன்று. “நீ போனாயா, தம்பி போனானா?” என்பதும் பிழையன்று. அங்கே இரண்டு ‘ஆ’வும் ஒரே ஐயத்தின் இரண்டு பக்கங்கள். இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஆ’ வந்தே ஆக வேண்டும். “நேற்றா, இன்று போனாய்?” என்று ஒன்றில் வைத்து மற்றொன்றில் விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும்.

மூன்றாவது, ‘யார்’, ‘என்ன’, ‘எங்கே’, ‘எப்போது’ முதலிய வினாச் சொற்கள். இவை தாமே கேட்கும் தன்மை உடையவை. “நீ எப்போது போனாயா?” என்று இன்னொரு வினாவைச் சேர்த்தால் வாக்கியம் கெட்டுப்போகும். “நீ எப்போது போனாய்?” என்பதே போதும். ஆயினும், “அவன் எப்போது போனான் என்று உனக்குத் தெரியுமா?” என்பது சரியான வாக்கியம். இங்கே ‘எப்போது’ உள்வாக்கியத்தைச் சேர்ந்தது. ‘ஆ’ வெளிவாக்கியத்தின் வினையாகிய ‘தெரியும்’ என்பதைச் சேர்ந்தது. வீடு வேறு, ஆள் வேறு, சண்டை இல்லை.

‘என்று’ வரும் வாக்கியங்களில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கங்காணி சொன்னதைப் பற்றிப் பேசுகிறோம். “நாளைக்கு வேலை உண்டு என்று கங்காணி சொன்னாரா?” என்றால், அவர் சொன்னாரா இல்லையா என்பது கேள்வி. “நாளைக்கு வேலை உண்டு என்றா கங்காணி சொன்னார்?” என்றால், ஏதோ சொன்னார் என்பது தெரியும்; சொன்ன செய்தி இதுதானா என்பது கேள்வி. “நாளைக்கு வேலை உண்டா என்று கங்காணி கேட்டார்.” இது கேள்வியே அன்று. கங்காணி கேட்ட கேள்வியை நாம் செய்தியாகச் சொல்கிறோம். ஆகவே இதன் முடிவில் முற்றுப்புள்ளிதான் வர வேண்டும், வினாக்குறி வரக்கூடாது. ‘ஆ’வைக் கண்டதும் கடைசியில் வினாக்குறி போட்டுவிடுவது மாணவர்கள் எளிதில் செய்துவிடக்கூடிய தவறு.

தவறு போலத் தோன்றித் தவறாகாத ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன். “நீயா கதவைத் திறந்தது?” என்று கேட்கிறோம். ‘நீ’ என்பதற்குத் ‘திறந்தாய்’ என்றல்லவா வர வேண்டும், ‘திறந்தது’ என்று அஃறிணை முடிபு வரலாமா என்று சிலர் ஐயுறுவார்கள். இங்கே ‘திறந்தது’ வினைமுற்று அன்று. திறந்த செயலை ஒரு பெயராக்கி வைத்திருக்கிறோம். கதவைத் திறந்தது யார், நீயா, என்பதுதான் வாக்கியத்தின் கட்டு. ‘நீயா திறந்தாய்’ என்பதும் சரி, ‘நீயா திறந்தது’ என்பதும் சரி. இரண்டாவதில் ஐயம் ‘நீ’யின்மேல் இன்னும் அழுத்தமாக விழுகிறது.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலாயும் படிக்கிறார்கள். மலாயில் ‘காஹ்’ என்னும் ஒட்டு ஏறக்குறைய நம் ‘ஆ’வின் வேலையைச் செய்கிறது. ‘நாளைக்கா அவர் வருகிறார்’ என்பதை, ‘ஏசோக்காஹ் டியா டாத்தாங்’ என்பார்கள். ஆனால் ‘காஹ்’ ஏற்ற தொடரை வாக்கியத்தின் முன்னே கொண்டுவர வேண்டும் என்பது மலாய் இலக்கணத்தின் விதி. தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. “நாளைக்கா அவர் வருகிறார்?” என்றும் சொல்லலாம், “அவர் நாளைக்கா வருகிறார்?” என்றும் சொல்லலாம். ‘ஆ’ போகும்போது சொல் தன் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டிய புணர்ச்சியையும் ஓரிரு வார்த்தையில் சொல்கிறேன். இ, ஈ, ஐ என்பவற்றில் முடியும் சொல்லோடு ‘ஆ’ சேரும்போது யகரம் வரும்: தம்பியா, இல்லையா. மற்ற உயிர்களில் முடிந்தால் பெரும்பாலும் வகரம்: அம்மாவா, ஈப்போவா, தெருவா. நேற்று, வீடு, வந்தது போலக் குற்றியலுகரத்தில் முடிந்தால் அந்த உகரம் மறைந்துவிடும்: நேற்றா, வீடா, வந்ததா. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும்: கல்லா, மண்ணா, நெய்யா. ‘பால்’ என்பதில் உள்ளது நெடில். ஆகையால் இரட்டிக்காமல் ‘பாலா’ என்றே வரும்.

இனி நேயரின் கேள்விக்கு வருவோம். “நீ நேற்றா கல்லுமலைக்குப் போனாய்?” என்னும் வாக்கியம் சரியாக அமைந்ததா? ஆம், குறையில்லாமல் அமைந்தது. ‘நேற்று’ தனித்து நிற்கும் சொல். ‘நேற்றுத்தான்’ என்று விடை சொல்ல முடிகிறது. ‘ஆ’ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வேறு வினாச்சொல் இல்லை. புணர்ச்சியும் சரி. இதை இலக்கணப் பிழை என்று குறுக்கே கோடு போட்டது பொருந்தாது. பாட்டியின் காது தவறவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சியில் கொடுத்தது ஒரு வெறுஞ்செய்தி. எந்தச் சொல்லின்மேல் ஐயம் என்று அதில் சொல்லப்படவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பொதுவான வினாவைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதற்கு “போனாயா?” என்பதே உரியது. ஆகவே அந்தப் பெண் எழுதியது சரியான வாக்கியம். அந்த இடத்துக்கு எதிர்பார்த்த வாக்கியம் வேறு. வாக்கியம் பிழை என்பது ஒன்று. வாக்கியம் சரி, இடத்துக்கு இது பொருந்தவில்லை என்பது வேறொன்று. ஆசிரியர் ஏட்டில் கோடு போடாமல், “இப்படிக் கேட்டால் போனது உனக்கு முன்பே தெரியும் என்று ஆகிறதே, தெரியுமா?” என்று எழுதியிருந்தால், அந்தப் பெண் வினாவின் சூட்சுமத்தை அன்றே பிடித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியாக ஒரு வாக்கியம். தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்குப் போய்விட்ட ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு பேராக்கில் தாம் பிறந்த இடத்துக்குத் திரும்பி வருகிறார். லயங்கள் இல்லை. பால்மரங்கள் இல்லை. வரிசை வரிசையாகப் பனையும் புதிய வீடுகளும். வழி தெரியாத புதியவராக இருந்தால், “இது தோட்டமா?” என்று கேட்பார். நம்மவர் அப்படிக் கேட்கமாட்டார். “இதுவா நம்ம தோட்டம்?” என்றுதான் கேட்பார். நம்ம தோட்டம் ஒன்று இருந்தது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. கண்ணுக்கு முன்னே இருக்கும் ‘இது’தான் அவருக்கு ஐயமாக இருக்கிறது. அதனால் ‘ஆ’ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. இதை அவருக்கு எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்று உங்கள் வீட்டில் கேட்கும் கேள்விகளில் ‘ஆ’ எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று ஒரு பத்துக் கேள்விகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். அடுத்த உரையில், இந்த ‘ஆ’வுக்குத் துணையாக வரும் ‘ஓ’ என்னும் வினாவைப் பற்றிப் பார்ப்போம்.